10 எம்.பி.க்குள் ஒன்றரை நிமிடம்: விண்ணப்ப வீடியோவைச் சுருக்கும் முறை

உதவித்தொகைக்கோ பயிற்சித் திட்டத்துக்கோ விண்ணப்பிக்கிறவர்களிடம் இப்போது பல தளங்கள் ஒரு சிறு வீடியோவும் கேட்கின்றன. கேட்பதோடு நிற்பதில்லை: அளவு 10 எம்.பி.க்கு மிகக் கூடாது, நீளம் 90 விநாடிக்கு மிகக் கூடாது, வடிவம் MP4 மட்டும் என்று மூன்று பூட்டுகளைப் போட்டுவிடுகின்றன. கைபேசியில் எடுத்த வீடியோ இருநூறு எம்.பி.க்கு மேல் இருக்கிறது. கடைசி நாள் மாலை காட்பாடியிலோ வேலூர் பழைய பேருந்து நிலையம் பக்கமோ ஒரு பிரவுசிங் சென்டருக்கு ஓடினால், அங்கிருப்பவர் அதை வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பி, இறங்கி வந்த நகலைப் பதிவேற்றிக் கொடுத்துவிடுவார். அளவு குறைந்திருக்கும். முகம் கலங்கியிருக்கும், நீளம் குறையாமலே இருக்கும், எவ்வளவு குறைய வேண்டும் என்பது நம் கையில் இருந்திருக்காது.

இதை நாமே செய்துகொள்ள முடியும். ஒரு கணினி, காசில்லாத ஒரு மென்பொருள், ஒரு வகுத்தல் கணக்கு, இவ்வளவுதான் தேவை. குடியாத்தத்து மாணவி ஒருவரின் வீடியோவை நாங்கள் சுருக்கிய விதத்தையே இங்கே முழுவதும் எடுத்துக்கொள்கிறேன். அவர் விண்ணப்பித்த தளத்தின் விதிகள் மேலே சொன்னவையேதான்.

முதலில் விதியைச் சரியாகப் படிக்க வேண்டும். அளவும் நீளமும் வடிவமும் கண்ணில் படும்படி எழுதியிருப்பார்கள். கண்ணில் படாத இடத்தில் வேறு சிலவும் இருக்கும்: வீடியோ கிடைமட்டமாக இருக்க வேண்டும், கோப்பின் பெயரில் இடைவெளி கூடாது, குறைந்தபட்சத் தெளிவு இவ்வளவு என்பது போல. அந்தப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு செய்கிற ஒவ்வொன்றையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

கணக்கு

ஒரு வீடியோ கோப்பு எவ்வளவு பெரிது என்பதை இரண்டே விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒரு விநாடிக்கு எவ்வளவு தரவு செலவாகிறது, மொத்தம் எத்தனை விநாடி ஓடுகிறது. முதலாவதைத்தான் பிட்ரேட் என்கிறார்கள். 1080பி, 720பி என்பதெல்லாம் படத்தில் எத்தனை புள்ளிகள் என்பதைச் சொல்பவை. கோப்பின் அளவை அவை நேரடியாக முடிவு செய்வதில்லை. இது புரியாததால்தான் பலர் 1080பி-யை 720பி ஆக்கிவிட்டு, 'இன்னும் குறையவில்லையே' என்று திகைக்கிறார்கள்.

ஆகவே பின்னாலிருந்து வர வேண்டும். தளம் கொடுத்த 10 எம்.பி.யை ஒரு படி அரிசி என்று வைத்துக்கொண்டால், அதை விநாடிகளுக்குப் பங்கிட வேண்டியதுதான் நம் வேலை. ஒரு பைட்டுக்கு எட்டு பிட். 10 எம்.பி. என்பது 80,000 கிலோபிட். அதை 90 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 888 கிலோபிட் வருகிறது. படமும் ஒலியும் சேர்ந்து இதற்குள் அடங்க வேண்டும்.

கைபேசி எவ்வளவு செலவழிக்கிறது என்று பார்த்தால் சிக்கலின் அளவு தெரியும். மாணவியின் ஆண்ட்ராய்டு கைபேசி 1080பி-யில் விநாடிக்கு ஏறத்தாழ 17,000 கிலோபிட் எழுதியிருந்தது. வீடியோ 112 விநாடி. பெருக்கி எட்டால் வகுத்தால் 238 எம்.பி. நமக்குக் கிடைக்கும் பங்கு இதில் இருபதில் ஒன்றுக்கும் குறைவு. இந்த அளவுக்குக் குறைத்தும் முகம் முகமாகத் தெரிய வேண்டுமென்றால், படத்தில் எதைக் காப்பது, எதை விடுவது என்று நாமே முடிவு செய்தாக வேண்டும்.

விளிம்புவரை போகவும் கூடாது. அதற்குக் காரணம் உண்டு. எம்.பி. என்ற சொல்லுக்கு இரண்டு கணக்கு புழங்குகிறது. சில தளங்கள் பத்து லட்சம் பைட்டை ஒரு எம்.பி. என்கின்றன, விண்டோஸ் 10,48,576 பைட்டை ஒரு எம்.பி. என்று காட்டுகிறது. விண்டோஸில் 9.9 எம்.பி. என்று தெரிகிற கோப்பு உண்மையில் ஒரு கோடியே மூன்று லட்சத்து எண்பதாயிரம் பைட்டைத் தாண்டியிருக்கும். முதல் வகைத் தளம் அதை ஏற்காது. நமக்கோ கோப்பு சரியாக இருப்பது போலவே தோன்றும். எனவே கோப்பின் மீது வலது சொடுக்கிட்டு Properties திறந்து, அடைப்புக்குறிக்குள் இருக்கும் பைட் எண்ணிக்கையைப் பாருங்கள். 10 எம்.பி. வரம்பு என்றால் அது ஒரு கோடியைத் தாண்டக் கூடாது. நான் எப்போதும் 9.3 எம்.பி.யைக் குறிவைப்பேன்; மென்பொருள் சற்றே முன்பின் போனாலும் இடம் இருக்கும்.

நீளத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். பிளேயரில் 1:30 என்று தெரிகிற வீடியோ உண்மையில் 90.4 விநாடியாக இருக்கலாம். தளத்தின் கணக்கு பின்னத்தையும் பார்க்கும். ஓரிரு விநாடியாவது விட்டுவைப்பது நல்லது.

எங்கள் கணக்கு இப்படி வந்தது. தேவையற்ற தொடக்கத்தையும் முடிவையும் வெட்டியபின் மிஞ்சியது 86 விநாடி. 9.3 எம்.பி.யை 86 விநாடிக்குப் பங்கிட்டால் விநாடிக்கு 865 கிலோபிட். அதில் ஒலிக்கு 64. படத்துக்கு மிச்சம் ஏறத்தாழ 800. இந்த 800 என்ற எண்தான் இனி எல்லாவற்றுக்கும் ஆதாரம்.

உங்கள் தளத்தின் விதி வேறாக இருந்தாலும் வழி மாறாது. எம்.பி.யை 8,000 ஆல் பெருக்கி விநாடியால் வகுங்கள். ஒலிக்கு 64 கழியுங்கள். வருவது படத்தின் பங்கு.

படம் எடுக்கும்போதே பாதி வேலை

விநாடிக்கு 800 கிலோபிட் என்பது ஒரு வெள்ளைச் சுவருக்கு முன் நின்று பேசும் முகத்துக்குத் தாராளம். ஓடும் தறிக்குப் போதவே போதாது. சுருக்கும் முறை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும். ஒவ்வொரு படச்சட்டத்தையும் அது முழுதாக எழுதுவதில்லை. முந்தைய சட்டத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும் எழுதுகிறது. அசையாத சுவருக்குக் கிட்டத்தட்டச் செலவே இல்லை. அசைவதெல்லாம் செலவு.

அந்த மாணவியின் தந்தை கைலி நெய்பவர். தறிவீட்டுக்குள் குழல்விளக்கு வெளிச்சத்தில், பின்னால் தறி ஓட, மாணவி முன்னால் நின்று பேசியிருந்தார். பார்க்க உயிரோட்டமான காட்சி. சுருக்கியபோது அதுவே வினையாயிற்று. நாடா குறுக்கே போகும் ஒவ்வொரு தடவையும் பாவு நூல் மொத்தமும் ஏறி இறங்குகிறது. கைலியின் நெருக்கமான கட்டங்கள் கேமராவில் அலையலையாக மின்னுகின்றன. மங்கிய வெளிச்சத்தில் கேமரா தானாகவே படத்தின் மேல் பொடிப்பொடியான புள்ளிகளைத் தூவுகிறது. அவை சட்டத்துக்குச் சட்டம் இடம் மாறுவதால், அசையாத சுவர்கூட மென்பொருளின் கண்ணுக்கு அசைகிற சுவர் ஆகிவிடுகிறது. கிடைத்த 800 கிலோபிட்டையும் தறியும் புள்ளிகளும் தின்றுவிட்டன. பேசுகிற முகத்துக்கு மிஞ்சவில்லை. நாடா ஓடும்போதெல்லாம் அவர் கன்னம் சதுரம் சதுரமாக உடைந்து, உதட்டசைவு பேச்சோடு ஒட்டாதது போலத் தெரிந்தது.

எந்த அமைப்பை மாற்றினாலும் இதைச் சரிசெய்ய முடியாது என்பதால் மீண்டும் எடுக்கச் சொன்னேன். காலை வெளிச்சத்தில், வாசலைப் பார்த்து நின்று, பின்னால் சுண்ணாம்படித்த சுவர். தறி சட்டத்தின் ஒரு பக்கத்தில் தெரியும். அவர் பேசும்போது அது நின்றிருக்கும். நடுவில் அவர் சற்று நிறுத்த, தந்தை பதினைந்து விநாடி நெய்து காட்டுவார். பிறகு மறுபடி பேச்சு. எல்லாம் ஒரே ஓட்டத்தில், கைபேசியை ஒரு ஸ்டூலின் மேல் அசையாமல் நிறுத்தி. கையில் பிடித்து எடுத்தால் சட்டம் முழுவதுமே ஆடும். ஆடினால் சுவருக்கும் செலவு.

மின்விசிறியையும் சொல்ல வேண்டும். நம் ஊர் வெயிலில் ஏப்ரல், மே மாதங்களில் விசிறி இல்லாமல் அறைக்குள் நிற்பது கடினம். ஆனால் விசிறி ஓடினால் தலைமுடியும் துப்பட்டாவும் திரைச்சீலையும் அசையும், ஒலியிலும் ஒரு இரைச்சல் விழும். ஏழு மணிக்கு முன்பாக எடுத்துவிட்டால் இரண்டு நிமிடம் விசிறியை நிறுத்துவது பெரிய துன்பமில்லை. உடை ஒரே நிறமாக இருக்கட்டும். நெருக்கமான கோடும் கட்டமும் கேமராவில் மின்னும்.

கைபேசி அமைப்பில் மூன்றே மூன்றைப் பாருங்கள். விநாடிக்கு 60 சட்டம் என்றிருந்தால் 30 ஆக்குங்கள். ஐபோனாக இருந்தால் Settings, Camera, Formats என்று போய் Most Compatible தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் H.265 என்ற புதிய முறையில் பதிவாகும், அதைப் பல தளங்கள் ஏற்பதில்லை. HDR Video இருந்தால் அணைத்துவிடுங்கள். சுருக்கும்போது நிறம் வெளிறிப் போவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம். ஆண்ட்ராய்டிலும் கேமரா அமைப்பில் High efficiency என்று ஏதாவது இருந்தால் அது அணைந்திருக்க வேண்டும்.

கணினிக்கு மாற்றுதல்

கேபிள் வழியாக மாற்றுங்கள். கேபிள் இல்லாமல் வாட்ஸ்அப்தான் வழி என்றால், வீடியோவாக அனுப்பாமல் Document என்ற வழியில் அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் கோப்பு உள்ளபடியே வந்து சேரும். வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் தானே ஒரு முறை சுருக்கிவிடும். அதை நாம் மறுபடி சுருக்கினால் இழப்பின் மேல் இழப்பு. ஒரு முறை போன நுணுக்கம் திரும்பி வராது. மூல வீடியோவிலிருந்து ஒரே ஒரு முறை சுருக்குவது என்பதை விடாமல் கடைப்பிடியுங்கள். முடிவு பிடிக்கவில்லையா, சுருக்கிய கோப்பை மீண்டும் சுருக்காதீர்கள். மூலத்துக்கே திரும்பிப் போய் வேறு அமைப்பில் செய்யுங்கள்.

இணையத்தில் 'வீடியோவைச் சுருக்கித் தருகிறோம்' என்று பல தளங்கள் உண்டு. விண்ணப்ப வீடியோவை அங்கே கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் முகம், பெயர், ஊர், கல்லூரி, சில நேரம் கையில் பிடித்த அடையாள அட்டை எல்லாம் அதில் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு கணினிக்கு அதை அனுப்ப வேண்டிய தேவையே இல்லை.

ஹேண்ட்பிரேக்கில் செய்யும் முறை

நாங்கள் பயன்படுத்தியது ஹேண்ட்பிரேக். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், கட்டணம் கிடையாது, முத்திரை எதையும் படத்தின் மேல் பதிக்காது. handbrake.fr என்ற முகவரியிலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள்.

திறந்ததும் Open Source வழியாக வீடியோவைக் கொடுங்கள். Presets பட்டியலில் Fast 720p30 என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதை அடிப்படையாக வைத்துச் சிலவற்றை மாற்றப்போகிறோம். Summary பகுதியில் Format என்பது MP4 ஆக இருக்க வேண்டும். அருகில் Web Optimized என்ற பெட்டியில் குறியிடுங்கள். கோப்பின் விவரக்குறிப்பை அது தொடக்கத்திலேயே எழுதிவிடும். பார்ப்பவர் திரையில் வீடியோ முழுதும் இறங்கும்வரை காத்திருக்காமல் உடனே ஓடத் தொடங்கும்.

அடுத்து நீளம். Range என்ற இடத்தில் Seconds தேர்ந்தெடுத்து, எங்கிருந்து எதுவரை என்று கொடுக்க வேண்டும். எங்கள் வீடியோவில் முதல் 9 விநாடி கைபேசியைச் சரிசெய்வதில் போயிருந்தது. 95ஆவது விநாடிக்குப் பிறகு அவர் நடந்து வந்து கைபேசியை அணைக்கிற காட்சி. ஆகவே 00:00:09 முதல் 00:01:35 வரை. 86 விநாடி. கைபேசியில் முன்கூட்டியே வெட்டினால் சில செயலிகள் அங்கேயே ஒரு முறை சுருக்கிவிடும். இங்கே வெட்டினால் அந்தக் கவலை இல்லை. பேச்சே நீளமாகி வரம்புக்குள் அடங்கவில்லை என்றால், வேகமாக ஓட்டி அடக்கப் பார்க்காதீர்கள். ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டுத் திரும்பப் பேசுவதுதான் வழி.

Dimensions பகுதிக்கு வருவோம். 1080பி படத்தில் 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள். 720பி-யில் 9 லட்சத்துச் சொச்சம். 854க்கு 480 என்ற அளவில் 4 லட்சத்துச் சொச்சம்தான். நம்மிடம் இருக்கும் 800 கிலோபிட்டை எத்தனை புள்ளிகளுக்குப் பகிர்கிறோம் என்பதே இங்கே கேள்வி. 720பி என்றால் புள்ளிகள் அதிகம், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சொற்பம். உடைந்த 720பி-யை விடத் தெளிவான 480 கண்ணுக்கு இதமானது. சுவருக்கு முன் அசையாமல் பேசும் வீடியோ மட்டும் என்றால் 800 கிலோபிட்டில் 720பி பிழைத்துக்கொள்ளும். எங்களுடையதில் தறி ஓடுகிற பதினைந்து விநாடி இருந்தது. எனவே 480ஐத் தேர்ந்தெடுத்தோம். Resolution Limit என்ற இடத்தில் Custom கொடுத்து அகலம் 854, உயரம் 480 என்று இட்டோம். பட்டியலில் 480p NTSC SD என்றே ஒரு தேர்வு இருக்கும். அது அகலத்தை 720க்குள் அடக்கிவிடும், ஆகையால் அதை எடுக்கவில்லை. உங்கள் தளம் குறைந்தபட்சம் 720பி வேண்டும் என்று விதித்திருந்தால் இந்தத் தேர்வுக்கே இடமில்லை. அப்போது காட்சியைத்தான் எளிமையாக்க வேண்டும்.

Video பகுதிதான் முக்கியம். Video Encoder என்பது H.264 (x264) ஆக இருக்கட்டும். 2003இல் வந்த முறை இது. அதைத் திறக்காத தளமோ கருவியோ இன்று அரிது. பக்கத்திலேயே H.265 இருக்கும். அதே அளவில் கூடுதல் தெளிவு தரும் என்பது உண்மைதான். ஆனாலும் தேர்வாளரின் கணினியில் ஓடாத தெளிவினால் நமக்குப் பயனில்லை. Framerate 30, அதன் கீழ் Constant Framerate. கைபேசிகள் வெளிச்சத்துக்கு ஏற்றபடி சட்ட எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்கின்றன; அதைச் சீராக்காவிட்டால் சில தளங்களில் பேச்சும் உதடும் விலகிப் போகும்.

Quality என்ற இடத்தில் ஹேண்ட்பிரேக் இயல்பாக Constant Quality வைத்திருக்கும். தரத்தைச் சீராக வைத்துக்கொண்டு அளவை அதன் போக்கில் விடும் முறை அது. வீட்டில் சேமித்து வைக்கும் வீடியோவுக்கு நல்லது. அளவு வரம்பு உள்ள இடத்துக்குப் பொருந்தாது, கோப்பு 6 எம்.பி. வருமா 16 எம்.பி. வருமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதை விட்டு Avg Bitrate என்பதைத் தேர்ந்தெடுத்து, நம் கணக்கில் வந்த 800ஐ இடுங்கள். கீழே Multi-Pass Encoding என்ற பெட்டியில் குறியிடுங்கள். பழைய பதிப்புகளில் 2-Pass என்றிருக்கும்.

இந்தப் பெட்டி ஏன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இதைக் குறியிட்டால் மென்பொருள் வீடியோவை இரண்டு முறை பார்க்கிறது. முதல் முறை எதையும் எழுதாமல், எந்த இடம் எளிது, எந்த இடம் கடினம் என்று மட்டும் குறித்துக்கொள்கிறது. இரண்டாம் முறை, மாணவி நின்று பேசும் எழுபது விநாடிக்குக் கொஞ்சம் குறைவாகவும், தறி ஓடும் பதினைந்து விநாடிக்குக் கூடுதலாகவும் தரவைப் பகிர்கிறது. சராசரி 800 மாறுவதில்லை. ஒரே முறை ஓட்டினால் அடுத்து தறி வரப்போகிறது என்பது அதற்குத் தெரியாது, வந்தபின் திணறும். இரண்டு முறை ஓட்ட நேரம் அதிகம் பிடிக்கும், ஒன்றரை நிமிட வீடியோவுக்கு அது பொருட்டில்லை. அதே காரணத்தால் Encoder Preset என்ற நகர்த்தியையும் Slow பக்கம் தள்ளிவிடுங்கள்.

Audio பகுதியில் Codec AAC, Mixdown என்பது Mono, Bitrate 64. ஒருவர் பேசும் குரலுக்கு இது போதும். இதற்குக் கீழே இறக்கிப் படத்துக்குக் கூட்ட வேண்டாம். தேர்வாளர் சற்றே மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்வார். பேச்சு கேட்கவில்லை என்றால் வீடியோவால் பயனே இல்லை.

கடைசியாக Save As. கோப்பின் பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் மட்டும் வையுங்கள். தமிழெழுத்து, இடைவெளி, அடைப்புக்குறி, நடுவில் ஒரு புள்ளி எதுவும் வேண்டாம். இப்படி:

```
vinnappam_video.mp4
```

பெயரின் முடிவையும் பாருங்கள். சில நேரம் ஹேண்ட்பிரேக் .m4v என்று வைத்துவிடும். Preferences, Output Files பகுதியில் எப்போதும் mp4 என்று மாற்றிவிடலாம். பிறகு Start Encode.

எங்கள் கோப்பு 9.3 எம்.பி.யை ஒட்டி வந்தது; விண்டோஸ் அதையே 8.9 எம்.பி. என்று காட்டியது. தறி ஓடும் இடத்தில் கைலியின் கட்டங்கள் சற்றே குழைந்திருந்தன, நாடா போவதும் வருவதும் தெளிவாகத் தெரிந்தது. முகத்தில் உடைவு இல்லை.

பதிவேற்றும் முன் பார்க்க வேண்டியவை

விஎல்சி பிளேயரில் கோப்பைத் திறந்து Ctrl+J அழுத்துங்கள். படத்துக்கு நேரே H264 - MPEG-4 AVC என்றும், ஒலிக்கு நேரே MPEG AAC என்றும் இருக்க வேண்டும். HEVC என்ற சொல் தென்பட்டால் அது H.265, மீண்டும் செய்ய வேண்டும். கோப்பின் பெயரில் .mp4 என்று இருப்பது சான்று ஆகாது. .mov கோப்பின் பெயரை .mp4 என்று மாற்றி எழுதிப் பதிவேற்றுகிறவர்கள் உண்டு. பெயர்தான் மாறுகிறதே தவிர உள்ளே இருப்பது மாறுவதில்லை. சில தளங்கள் கோப்பின் உள்ளே பார்த்துத்தான் முடிவு செய்கின்றன.

பிறகு முழுத்திரையில், காதில் ஹெட்போனுடன், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு முறை பாருங்கள். கண்களையும் உதட்டையும் தலைமுடியின் ஓரத்தையும் கவனியுங்கள். தரவு போதாத வீடியோ முதலில் உடைவது அங்கேதான். கடைசி விநாடிகளில் பேச்சும் உதடும் சேர்ந்தே போகின்றனவா என்பதையும் பாருங்கள். விலகல் இருந்தால் முடிவில்தான் அது தெரியும். படம் பக்கவாட்டில் படுத்திருந்தால் Dimensions பகுதியில் Rotation கொடுத்து மூலத்திலிருந்து மறுபடி செய்யுங்கள்.

தளம் நிராகரித்தால் அது எந்தக் கட்டத்தில் நிராகரிக்கிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். கோப்பைத் தேர்ந்தெடுத்த உடனே, பதிவேற்றம் தொடங்கும் முன்பே மறுத்தால், பெயரின் முடிவோ கோப்பின் அளவோ சிக்கல். உலாவியே அவற்றைப் பார்த்துச் சொல்லிவிடுகிறது. முழுதும் ஏறி, கொஞ்ச நேரம் கழித்து மறுத்தால், உள்ளே இருக்கும் வடிவமோ நீளமோ சிக்கல். வழங்கி கோப்பைத் திறந்து பார்த்துவிட்டது. ஏற்றுக்கொண்டு, முன்னோட்டத்தில் ஒலி மட்டும் கேட்டுத் திரை கறுத்திருந்தால் H.265 என்று சந்தேகியுங்கள். பாதியில் நின்று உள்நுழைவுப் பக்கத்துக்கே திரும்பிப் போனால் கோப்பில் குறையில்லை; இணைப்பு மெதுவாக இருந்து, தளம் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது.

இந்தக் கடைசிக் கோளாறுக்கும் ஒரு கணக்கு உண்டு. பதிவேற்ற வேகம் விநாடிக்கு ஒரு மெகாபிட் என்றால் 9.3 எம்.பி. ஏற ஒன்றேகால் நிமிடம் ஆகும். அதுவே 200 கிலோபிட் என்றால் ஆறு நிமிடத்துக்கு மேல். வேகச் சோதனைத் தளங்களில் பதிவிறக்க வேகத்தைப் பார்த்து நிம்மதியடையாதீர்கள். பதிவேற்ற வேகம் பெரும்பாலும் அதில் ஒரு சிறு பங்குதான். விண்ணப்பத்தின் மற்ற பகுதிகளை முதலில் நிரப்பிச் சேமித்துவிட்டு, வெளியேறி, புதிதாக உள்நுழைந்தவுடன் வீடியோவை ஏற்றினால் முழு நேரமும் அதற்கே கிடைக்கும். எங்கள் மாணவி குடியாத்தத்தில் வீட்டு இணைப்பு நின்று நின்று வந்ததால் அதிகாலையில் மொட்டை மாடியில் கைபேசி ஹாட்ஸ்பாட் வைத்து ஏற்றினார். ஏறி முடிந்ததும் தளத்தின் முன்னோட்டத்தில் ஒரு முறை ஓடவிட்டு, ஒப்புகைப் பக்கத்தைப் பி.டி.எஃப். ஆகச் சேமித்தார். 238 எம்.பி. மூல வீடியோவை முடிவு வரும்வரை அழிக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நேர்காணலுக்கு முன் இன்னும் தெளிவான நகல் வேண்டுமென்று கேட்டால் சுருக்கியதிலிருந்து அதை எடுக்க முடியாது.